‘வெறும் 2 லட்சம்’ என்று எழுதுவதில்லை

டீக்கடை பிராண்டுகளுக்குக் கிளை எடுத்து நடத்த ஆள் தேடும் விளம்பரங்களை எழுதித் தருவது என் தொழில். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் ஒரு கடையாகத் தொடங்கி, நாலைந்து கடையாக வளர்ந்து, இனி பிரான்சைஸ் கொடுக்கலாம் என்று நினைக்கிற முதலாளிகள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். வரும்போதே ஒரு வாசகத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுவார்கள். “வெறும் 2 லட்சத்தில் சொந்தத் தொழில்! மாதம் 60,000 வரை வருமானம்! முழு ஆதரவு!” பத்திரிகையின் வரி விளம்பரத்தில் பார்த்திருப்பார்கள், வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரில் பார்த்திருப்பார்கள்.

இந்த மூன்று வரியிலும் நேரான பொய் என்று எதையும் காட்ட முடியாது. 2 லட்சம் என்பது பிராண்ட் பெயருக்காகக் கம்பெனிக்குக் கட்டும் கட்டணம். 60,000 என்பது பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் அவர்களுடைய மிகச் சிறந்த கடையின் நல்ல மாதத்துக் கணக்கு. ‘முழு ஆதரவு’ என்பதற்கு எல்லை எது என்று எழுதியவருக்கே தெரியாது. ஆனால் படிப்பவர் மூன்றையும் சேர்த்து ஒரே கணக்காகப் படிக்கிறார்: 2 லட்சம் போட்டால் மாதம் 60,000 வரும், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் அழைப்பவர் யார் என்று பாருங்கள். பனியன் கம்பெனியில் வேலை போனவர், துபாயிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தைப் பையனுக்காக ஒரு கடையில் போட நினைப்பவர், மனைவியின் நகையை அடகு வைக்கத் தயாராக இருப்பவர். வாழ்நாளில் ஒருமுறைதான் இப்படி ஒரு தொகை அவர்கள் கையில் சேரும்.

அதனால்தான் இந்த விளம்பரத்தின் வேலை அழைப்புகளைப் பெருக்குவது அல்ல என்று முதலாளிகளிடம் சொல்கிறேன். கடையை நடத்த முடியாதவர், அல்லது பணம் போதாதவர், அழைப்பதற்கு முன்பே அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வளரும் பிராண்டுக்கு இது தர்மக் கணக்கு மட்டுமல்ல, வியாபாரக் கணக்கும்கூட. பத்துக் கடை உள்ள பிராண்டில் ஒரு கடை மூடினால், பூட்டிய ஷட்டருக்கு மேலே பெயர்ப்பலகை மாதக்கணக்கில் தொங்கும். அந்த ஊரில் அடுத்த கிளை கேட்டு யாரும் வரமாட்டார்கள்.

கடை திறக்க என்ன ஆகும் என்பதை ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன். தாராபுரம் மாதிரி ஓர் ஊர், முக்கியச் சாலையில் 200 சதுர அடிக் கடை, வாடகை 18,000. ஒரு பிராண்டுக்காக நான் போட்டுத் தந்த மதிப்பீடு இது. ஊருக்கு ஊர் தொகை மாறும், வகைகள் மாறாது. பிராண்ட் கட்டணம் 2 லட்சம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 2,36,000. கவுண்டர், டைல்ஸ், குழாய், மின்வயரிங், பெயர்ப்பலகை ஆகியவற்றுக்கு 2,75,000. பாய்லர், அடுப்பு, பால் சட்டிகள், ஃபிரிட்ஜ், பலகாரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டி, பில் மெஷின் எல்லாம் வரியோடு 2,15,000. நம் ஊர் வழக்கப்படி பத்து மாத வாடகை அட்வான்ஸ் 1,80,000. முதல் சரக்கு 40,000. உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம், உள்ளாட்சி உரிமம், மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றுவது, சிலிண்டர் டெபாசிட் ஆகியவற்றுக்கு 34,000. கூட்டினால் 9,80,000 ரூபாய்.

இதில் வரி பற்றி ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். ‘ஜிஎஸ்டி தனி’ என்று விளம்பரத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் போடுவது வழக்கம். துணிக்கடைக்காரருக்கு அது பெரிய விஷயமில்லை. தான் கட்டிய வரியை, தான் வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்வார். டீக்கடைக்கு அந்த வழி கிடையாது. உணவகத்துக்கான 5 சதவீத வரியில் உள்ளீட்டு வரியைக் கழிக்க முடியாது. காம்போசிஷன் திட்டத்துக்குப் போனாலும் அதே 5 சதவீதம்தான், அங்கும் கழிவு இல்லை. எனவே பிராண்ட் கட்டணத்தின் மேல் கட்டும் 36,000 ரூபாய் திரும்ப வராத செலவு. பாய்லருக்கும் ஃபிரிட்ஜுக்கும் கட்டிய வரியும் அப்படியே. வரி சேர்ந்த தொகையை மட்டும் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

9,80,000 என்பது ஷட்டரைத் தூக்கும் நாள்வரை ஆகும் செலவு. அதற்கு அப்புறம் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கடை நிலைக்குமா நிலைக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. அதற்கு ஒரு டீயின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

டீ 15 ரூபாய். ஒரு லிட்டர் பாலில், டிகாஷன் சேர்த்து, 14 டீ வரும். பால் லிட்டர் 60 ரூபாய் என்று வைத்தால் டீக்கு 4 ரூபாய் 30 பைசா. டஸ்ட் 3 கிராம்; கம்பெனி கிலோ 500 ரூபாய்க்குக் கொடுத்தால் ஒன்றரை ரூபாய். சர்க்கரை 45 பைசா, கேஸ் 50 பைசா, பேப்பர் கப் 60 பைசா. பொங்கி வழியும் பால், மதியம் மிஞ்சிப்போகும் டிகாஷன், ‘இன்னொரு சொட்டு ஸ்ட்ராங்கா’ என்று திரும்பி வரும் டம்ளர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 பைசா. மொத்தம் 7 ரூபாய் 60 பைசா. 15 ரூபாய்க்குள் அடங்கிய ஜிஎஸ்டி சுமார் 70 பைசா. வரி நீங்கிய விற்பனையில் கம்பெனிக்கு 4 சதவீத ராயல்டி, அதன் மேல் வரி, இதுவும் கிட்டத்தட்ட 70 பைசா. எல்லாம் போக மீதி 6 ரூபாய்.

இந்த இடத்தில் ‘ராயல்டி இல்லை’ என்ற பெரிய எழுத்து விளம்பரத்தையும் கவனிக்க வேண்டும். ராயல்டி வாங்காத கம்பெனி டஸ்டை கிலோ 700 ரூபாய்க்குக் கொடுத்தால், டீக்கு 60 பைசா கூடுகிறது. ராயல்டியாகப் போக வேண்டியது பொட்டலத்துக்குள் போய்விட்டது. இரண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம், தவறில்லை. கம்பெனியும் பிழைக்க வேண்டும். ஆனால் டஸ்ட் விலையை விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், படிப்பவர் தன் ஊர் மளிகைக்கடை விலையோடு ஒப்பிட்டு, இந்தப் பெயருக்காகத் தான் என்ன கொடுக்கிறோம் என்பதைப் புரிந்துகொள்வார்.

இனி மாதச் செலவு. வாடகை 18,000. காலை ஐந்திலிருந்து இரவு பத்துவரை கடை திறந்திருக்க ஒரு மாஸ்டர் போதாது. முதல் மாஸ்டருக்கு நாளுக்கு 900, இரண்டாம் ஷிப்டுக்கு 700, டம்ளர் கழுவிக் கடையைச் சுத்தம் செய்யும் உதவியாளுக்கு மாதம் 14,000. சம்பளம் மட்டும் 62,000. மின்சாரம் 6,000, தண்ணீர், குப்பை, சில்லறைப் பழுது 5,000. மொத்தம் 91,000, அதாவது நாளுக்கு 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். வடை, பஜ்ஜி, பிஸ்கட், பன் எல்லாம் நாளுக்கு 2,000 ரூபாய்க்கு விற்றால் அதில் ஒரு 500 நிற்கும். மீதி 2,530 ரூபாயை டீதான் தூக்க வேண்டும். டீக்கு 6 ரூபாய் என்றால் 420 டீ.

இந்த 420தான் விளம்பரத்தில் இருக்க வேண்டிய மிக முக்கியமான எண் என்பது என் தீர்ப்பு. ‘மாதம் 60,000 வரை’ என்ற எண்ணை வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க யாராலும் முடியாது. ‘நாளுக்கு 420 டீ விற்றால் நஷ்டமில்லை’ என்பதைச் சரிபார்க்க முடியும். அவர் கடை போட நினைக்கும் தெருமுனைக்குப் போய், பக்கத்தில் ஏற்கெனவே உள்ள டீக்கடையில் காலை ஆறிலிருந்து ஒன்பதுவரையும், மாலை நாலிலிருந்து ஏழுவரையும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். ஒரு நாள் விற்பனையில் பெரும்பங்கு இந்த ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அங்கேயே முந்நூறைத் தாண்டவில்லை என்றால், பிராண்ட் பெயர் வந்து மீதியை உண்டாக்கிவிடாது.

420 என்பது நஷ்டமில்லாத எண்தான், பிழைப்புக்கான எண் அல்ல. கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்குச் சம்பளம் இதில் இல்லை. அவர் குடும்பத்துக்கு மாதம் 30,000 வேண்டுமென்றால் நாளுக்கு இன்னும் 167 டீ, ஆக ஏறக்குறைய 590. வங்கியில் 6 லட்சம் கடன் வாங்கி, 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்தில் கட்டுவதானால் தவணை மாதம் 13,300 ரூபாயைத் தாண்டும்; அதற்கு மேலும் 74 டீ. இந்தக் கணக்கை முதலாளிகளோடு உட்கார்ந்து போடும்போது, பலர் தங்கள் சொந்தக் கடையின் கணக்கையே முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அவர்கள் தொடங்கிய காலத்தில் தாங்களே மாஸ்டராக நின்றிருப்பார்கள், மனைவி பலகாரம் போட்டிருப்பார். அந்த உழைப்புக்கு யாரும் சம்பளம் எழுதவில்லை.

‘போட்ட பணம் ஒன்றரை வருடத்தில் திரும்பும்’ என்ற வாசகமும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. நாளுக்கு 700 டீ விற்கும் நல்ல கடையை எடுத்துக்கொள்வோம், கடன் இல்லை. அட்வான்ஸ் தொகை திரும்ப வரக்கூடியது என்பதால் அதைக் கழித்தால் போட்ட பணம் 8 லட்சம். 420க்கு மேல் விற்கும் 280 டீயில் மாதம் ஏறக்குறைய 50,000 நிற்கும். 8 லட்சத்தை அதால் வகுத்தால் 16 மாதம். ஆனால் அந்த 50,000க்குள்தான் கடைக்காரரின் 30,000 சம்பளமும் இருக்கிறது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனால் முதலீட்டுக்குத் திரும்புவது மாதம் 20,000. அப்போது 40 மாதம். 16 மாதம் என்று எழுதினால் அந்தக் குடும்பம் 16 மாதம் சாப்பிடாமல் இருக்கும் என்று பொருள். நான் 40 மாதம் என்று எழுதுகிறேன், அதுவும் ‘நாளுக்கு 700 டீ விற்றால்’ என்ற நிபந்தனையோடு.

கையிருப்புப் பணத்துக்கு வருகிறேன். திறப்பு விழா வாரத்தின் கூட்டத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. சலுகை விலை டீ குடிக்க வந்தவர்கள் அடுத்த வாரம் தங்கள் பழைய கடைக்கே போய்விடுவார்கள். டீ என்பது பழக்கத்தின் வியாபாரம். முதல் மாதம் நாளுக்கு 250, அடுத்து 300, 350, 400 என்று ஏறினால் அதுவே நல்ல ஏற்றம். அந்த நான்கு மாதப் பற்றாக்குறை 68,000 ரூபாய்க்குச் சற்று மேல். அதே நான்கு மாதம் வீட்டுச் செலவு 1,20,000. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 1,90,000. எனவே 2 லட்சம் கையிருப்பு என்று எழுதுகிறேன். கடைச் செலவோடு சேர்த்து 11,80,000. ‘வெறும் 2 லட்சம்’ என்று தொடங்கிய விளம்பரம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நான் அறிந்தவரை, மூடும் கடைகளில் பல டீ நன்றாக இல்லாததால் மூடுவதில்லை. மூன்றாம் மாதம் பால்காரருக்குப் பாக்கி விழுகிறது, நான்காம் மாதம் மாஸ்டருக்குச் சம்பளம் தள்ளிப்போகிறது, மாஸ்டர் போய்விடுகிறார், டீயின் ருசி போய்விடுகிறது.

உத்தரவாத வருமானம் என்ற பேச்சு வந்தால் நான் எழுதித் தருவதே இல்லை. ‘நீங்கள் பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்தி மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்பது கடை வியாபாரமே அல்ல, வைப்புத்தொகை வாங்குவதற்கு இன்னொரு பெயர். தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் இருக்கிறது. 2019இல் மத்திய அரசு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் கொண்டுவந்தது. இப்படி ஒரு திட்டத்தோடு வருபவரிடம் முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். சட்டத்தை விடுங்கள். பெருந்துறைப் பக்கம் 2012இல் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது, மாதா மாதம் நிலையான தொகை வரும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் பட்ட பாடு கொங்கு நாட்டுக்கே தெரியும். அதே ஊர்களில் அதே வாக்கியத்தை இன்னொரு பெயர்ப்பலகையின் கீழ் எழுத எனக்கு மனம் வராது.

அடுத்தது ஆதரவு. ‘முழு ஆதரவு’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு, ஒவ்வொரு உதவியையும் யார் செய்வார், எத்தனை நாள், அதன் பிறகு செலவு யாருடையது என்று மூன்று கேள்வி கேட்டு எழுத வேண்டும். பயிற்சி என்றால், கம்பெனியின் கடையில் பத்து நாள்; கட்டணம் இல்லை, தங்கும் செலவு பயிற்சிக்கு வருபவருடையது. திறப்பு உதவி என்றால், கம்பெனி மாஸ்டர் ஒருவர் முதல் 15 நாள் கடையில் நிற்பார். சம்பளம் கம்பெனி, தங்குமிடமும் சாப்பாடும் கடைக்காரர். எழுதும்போது இவை சின்ன விஷயங்கள் போலத் தோன்றும். திறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் ‘மாஸ்டருக்கு ரூம் யாருங்க போடறது?’ என்று தொடங்கும் சண்டை ஒப்பந்தம் முழுவதையும் கசப்பாக்கிவிடும்.

ஆதரவில் உண்மையான சோதனை ஒன்றே ஒன்றுதான்: மாஸ்டர் வராத நாள். திருவிழா, ஊரில் ஒரு சாவு, பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் கூடுதல் கூலி, ஏதோ ஒன்று. விடிகாலை நாலரைக்குக் கடைக்காரர் போன் செய்தால் கம்பெனி என்ன செய்யும்? நான் எழுதும் பிராண்ட் மூன்று மாற்று மாஸ்டர்களை வைத்திருந்தது. அவர்களில் ஒருவரை 48 மணி நேரத்துக்குள் அனுப்ப முடியும், நாள் கூலி 1,000 கடைக்காரர் தர வேண்டும், வருடத்துக்கு 20 நாள்வரை. அப்படியே எழுதினேன். முதலாளி ‘உடனடியாக மாஸ்டர் அனுப்பப்படும்’ என்று போடச் சொன்னார். ஒரே நாளில் மூன்று ஊரிலிருந்து கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். 48 மணி நேரமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அந்த முதல் இரண்டு நாளைக் கடைக்காரர்தான் தாங்க வேண்டும் என்பதால்தான், அவரே டீ போடக் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் விளம்பரத்தில் ஏறியது.

எல்லை விஷயமும் அப்படித்தான். ‘உங்கள் பகுதியில் வேறு கிளை தரமாட்டோம்’ என்றால் எது பகுதி? சாலை வழியாக ஒரு கிலோமீட்டர் என்று எழுதினேன். கம்பெனியின் தள்ளுவண்டியோ, பெட்ரோல் பங்க் கவுண்டரோ அதற்குள் வருமா என்ற கேள்விக்கு ‘வராது’ என்ற பதிலையும் முதலாளியிடம் வாங்கிச் சேர்த்தேன்.

அதிக நேரம் பிடித்தது மூடிய கடைகள் பற்றிய வரிதான். அந்தப் பிராண்டுக்கு 11 கடைகள் நடந்தன, இரண்டு மூடியிருந்தன. இரண்டையும் எழுத வேண்டும் என்றேன்.

“ஏனுங்க தம்பி, மூடுன கடையெல்லாம் எதுக்குங்க? படிச்சவன் பயந்துக்க மாட்டானுங்களா?”

“அண்ணா, மூடினது ஊருக்கே தெரியும். நாம எழுதலைன்னா காரணத்தை எதிர்க்கடைக்காரங்க சொல்லுவாங்க. நாம எழுதினா நாமளே சொல்லலாம்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“ஒண்ணு, கடைக்காரரு கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டு மாஸ்டரை நம்பி விட்டாரு. இன்னொண்ணு, பாலம் வேலையில பஸ் பாதை மாறிப்போச்சு. ரெண்டும் உண்மைதானே அண்ணா?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “சரி, போடுங்க. ஊர் பேரு மட்டும் வேண்டாமுங்க. அந்தப் பையன் பாவம்,” என்றார். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் பிரான்சைஸ் விற்பவர், பணம் வாங்கவோ கையெழுத்து வாங்கவோ குறைந்தது 14 நாள் முன்பே, கட்டணங்கள், மொத்த முதலீடு, திறந்த, மூடிய கடைகள் உட்பட 23 தலைப்புகளில் விவரம் எழுதித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தியாவில் பிரான்சைஸுக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையும் வர்த்தகக் குறிச் சட்டத்தையும் வைத்தே காலம் போகிறது. சட்டம் கேட்காததை விளம்பரமே சொல்லிவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. இறுதியில் வெளிவந்தது இது. பிராண்டின் பெயரையும் எண்ணையும் தேதியையும் மட்டும் விட்டிருக்கிறேன்.

“டீக்கடைக் கிளை நடத்த ஆட்கள் தேவை. கொங்கு வட்டாரத்தில் 11 கடைகள் நடக்கின்றன. 2 கடைகள் மூடப்பட்டன: ஒன்று, உரிமையாளர் நேரில் இல்லாததால், மற்றொன்று, பேருந்துப் பாதை மாறியதால்.

200 சதுர அடிக் கடை திறக்க வரி உட்பட சுமார் 9,80,000 ரூபாய். இதில் எங்களுக்கு வருவது 2,36,000. ஒப்பந்தம் கையெழுத்தான பின் அது திரும்பக் கிடைக்காது. கடை அட்வான்ஸ் 1,80,000 இதில் அடக்கம். முதல் நான்கு மாதத்துக்குத் தனியாக 2,00,000 கையில் இருக்க வேண்டும். ராயல்டி, அதன் மேலான வரி உட்பட, வரி நீங்கிய விற்பனையில் 4.72 சதவீதம். டஸ்ட் எங்களிடமே வாங்க வேண்டும். இன்றைய விலை கிலோ 500.

இந்தச் செலவில் நாளுக்கு 420 டீ விற்றால் நஷ்டமில்லை. உங்களுக்கு மாதம் 30,000 நிற்க 590 டீ விற்க வேண்டும். நாளுக்கு 700 டீ விற்றால், உங்கள் சம்பளம் போக, போட்ட பணம் திரும்ப 40 மாதம் ஆகும். வருமானத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை.

பயிற்சி 10 நாள், இலவசம். திறப்பின்போது எங்கள் மாஸ்டர் 15 நாள். தங்குமிடமும் உணவும் உங்களுடையது. மாஸ்டர் இல்லாத நாளில் 48 மணி நேரத்துக்குள் மாற்று மாஸ்டர், நாள் கூலி 1,000, வருடம் 20 நாள்வரை. சாலை வழியாக 1 கிலோமீட்டருக்குள் வேறு கிளையோ தள்ளுவண்டியோ பெட்ரோல் பங்க் கவுண்டரோ தரமாட்டோம். ஒப்பந்தம் 5 ஆண்டு. பிராண்ட் பெயர்ப் பதிவு விண்ணப்ப நிலையில் உள்ளது.

உரிமையாளரோ குடும்பத்தில் ஒருவரோ தினமும் கடையில் நிற்க வேண்டும், டீ போடக் கற்க வேண்டும். உங்கள் ஊர், பார்த்துவைத்த இடம், கடையில் நிற்கப் போகிறவர், பணத்தில் கடன் எவ்வளவு என்ற நான்கையும் எழுதி அனுப்புங்கள். மூடிய கடைகளின் உரிமையாளர்களிடமும் பேச ஏற்பாடு செய்கிறோம்.”

பெயர்ப் பதிவு பற்றிய வரிக்கு ஒரு விளக்கம். விண்ணப்பித்த நாளிலேயே, பதிவானதைக் குறிக்கும் வட்டத்துக்குள் உள்ள ஆர் எழுத்தைப் பலகையில் போட்டுவிடுகிறார்கள். பதிவாகாத பெயரைப் பதிவானதாகக் காட்டுவது சட்டப்படி அபராதத்துக்குரியது. அதைவிட, பின்னாளில் பெயருக்கு வேறொருவர் எதிர்ப்புத் தெரிவித்து வென்றால், கிளைக்காரர் பலகை, கப், மெனு எல்லாவற்றையும் தன் செலவில் மாற்ற நேரும். விண்ணப்ப நிலை என்று தெரிந்தே வருபவர், அப்படி ஆனால் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் கேட்டு எழுதிக்கொள்வார்.

இந்த வாசகம் வெளியானபோது அழைப்புகள் குறைந்தன. முதலாளிக்கு முதல் வாரம் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் வந்தவர்கள் கேட்ட கேள்விகள் மாறின. “எவ்வளவு கிடைக்குங்க?” என்ற கேள்வி போய், “எங்க ஊர்ல பால் 64 ரூபா, அப்ப 420 எவ்வளவு ஆகும்?” என்று ஒருவர் கேட்டார். லிட்டருக்கு 4 ரூபாய் கூடினால் டீக்கு ஏறக்குறைய 30 பைசா குறைகிறது, 420 என்பது 444 ஆகிறது என்று போனிலேயே போட்டுச் சொன்னோம். அவர் பார்த்துவைத்த இடத்தில் அவ்வளவு ஓடாது என்று அவரே சொல்லி வைத்துவிட்டார். கட்டணம் வரவில்லை என்று முதலாளி வருத்தப்படவில்லை. மூடியிருக்கக்கூடிய ஒரு கடை திறக்காமல் போனது என்று எழுதிவைத்துக்கொண்டார்.

எண்கள் நிலையானவை அல்ல. பால் விலை, சிலிண்டர் விலை, மாஸ்டர் கூலி மூன்றில் எது மாறினாலும் விளம்பரத்தின் 420 பொய்யாகிவிடும். பழைய போஸ்டரே ஒரு வருடம் கழித்தும் வாட்ஸ்அப்பில் சுற்றும் என்பதால், கணக்குப் போட்ட மாதத்தையும் வருடத்தையும் கீழே அச்சிடச் சொல்கிறேன்.

கிளை எடுக்கப் பணத்தோடு காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்த பிராண்டாக இருந்தாலும், முன்பணம் கட்டுவதற்கு முன், நடக்கும் கடைக்காரர் ஒருவரின் எண்ணையும் மூடிய கடைக்காரர் ஒருவரின் எண்ணையும் கேளுங்கள். இரண்டாவது எண்ணைத் தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.